முறிகண்டியில் புறப்பட்ட பஸ்: வேக–நேர வரைபிலிருந்து ஆர்முடுகலும் இடப்பெயர்ச்சியும்

ஏ9 வீதியில் கிளிநொச்சிப் பக்கமிருந்து வவுனியா நோக்கிப் போகும் பஸ்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்றுதான் போகும். சாரதி இறங்கிக் கும்பிட்டுவிட்டு வருவார், பயணிகள் கச்சான் வாங்குவார்கள். அப்புறம் மாங்குளத்தை நோக்கி பஸ் வெளிக்கிடும். ஒரு தடவை நான் போன பஸ் அப்படி வெளிக்கிட்டு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வீதியோரம் மர நிழலில் அரிசிப் பையோடு நின்ற ஒரு அம்மா கையைக் காட்டினார். சாரதி பிந்தித்தான் கண்டார். பிறேக்கை அழுத்தியும் பஸ் அவரைத் தாண்டிப் போய்த்தான் நின்றது. "அண்ணை, கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ, பையோட நிக்கிறா" என்றார் நடத்துநர். பஸ் மெல்லப் பின்னால் போய் அம்மாவின் முன்னே நின்றது.

வேக–நேர வரைபைப் படிப்பிக்க இதைவிட நல்ல ஓட்டம் எனக்குக் கிடைக்கவில்லை. வேகம் கூடுகிறது, மாறாமல் இருக்கிறது, குறைகிறது, பூச்சியமாகிறது, பிறகு எதிர்த்திசைக்கும் போகிறது. பிள்ளைகள் பிழைவிடும் இடங்கள் எல்லாமே இந்த ஒன்றேகால் நிமிடத்துக்குள் இருக்கின்றன. அந்த இடத்தில் வீதி நேராக இருப்பதும் வசதி. நேர்கோட்டில் போகும் பொருளுக்கு முன்னே, பின்னே என்று இரண்டு திசைகள்தான் உண்டு. அவற்றைக் காட்ட நேர், மறை என்ற இரண்டு குறிகள் போதும்.

சொற்களை முதலில் சரிபார்த்துக்கொள்வோம். இலங்கைப் பாடத்திட்டத்தில் திசையோடு சேர்ந்ததை வேகம் என்கிறோம், திசை இல்லாததைக் கதி என்கிறோம். வேகம் மாறும் வீதம் ஆர்முடுகல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவற்றைத் திசைவேகம், முடுக்கம் என்று எழுதும். பெயர்தான் வேறு, பொருள் ஒன்று.

வரைபைக் கீறுதல்

பஸ் மாங்குளத்தை நோக்கிப் போவதை நேர்த் திசை என்று எடுத்துக்கொள்வோம். கணக்குச் செய்ய வசதியாக எண்களை முழுமைப்படுத்தியிருக்கிறேன். வரைபு திரும்பும் புள்ளிகள் இவை:

| நேரம் (செக்கன்) | வேகம் (ms⁻¹) |
|---|---|
| 0 | 0 |
| 20 | 15 |
| 50 | 15 |
| 56 | 0 |
| 60 | 0 |
| 64 | −2 |
| 72 | −2 |
| 76 | 0 |

வரைபுத்தாளை எடுத்து உண்மையாகவே கீறிப் பாருங்கள். கிடை அச்சில் நேரம், 1 சென்ரிமீற்றருக்கு 5 செக்கன். நிலைக்குத்து அச்சில் வேகம், 1 சென்ரிமீற்றருக்கு 2 ms⁻¹. கிடை அச்சைத் தாளின் அடியில் போட்டுவிடாதீர்கள், மறை வேகத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் வேண்டும். புள்ளிகளைக் குறித்து அடிமட்டத்தால் ஒன்றோடொன்று இணையுங்கள்.

கீறி முடித்ததும் ஒரு மேடு போன்ற உருவம் தெரியும். ஏறுகிறது, சமதரையாகப் போகிறது, இறங்குகிறது, பிறகு கோட்டுக்குக் கீழே ஒரு சிறு பள்ளம். இங்கேதான் முதல் பிழை வரும். "பஸ் மேட்டில் ஏறி இறங்குது சேர்" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது சொல்லும். வன்னி வீதியில் மேடு எங்கே இருக்கிறது? வரைபு வீதியின் படம் அல்ல. கோட்டின் உயரம் அந்தக் கணத்தில் வேகம் எவ்வளவு என்பதை மட்டும்தான் சொல்கிறது. எனவே எந்த வரைபைக் கையில் எடுத்தாலும் நிலைக்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் வாசியுங்கள். அங்கே இடப்பெயர்ச்சி என்று இருந்தால் படித்திறன் தருவது வேகம். வேகம் என்று இருந்தால் படித்திறன் தருவது ஆர்முடுகல். உருவம் ஒன்றாகவே இருந்தாலும் கதை முழுக்க மாறிவிடும்.

அடுத்ததாக, கோடு திசை திரும்பும் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நேர அச்சுக்கு மெல்லிய நிலைக்குத்துக் கோடு போடுங்கள். வரைபு துண்டுகளாகப் பிரியும். இனி ஒவ்வொரு துண்டாகத்தான் வேலை. முழு வரைபையும் ஒரே சமன்பாட்டில் அடக்கப் பார்த்தால் விடை நிச்சயம் பிழைக்கும், ஏனென்றால் ஆர்முடுகல் துண்டுக்குத் துண்டு வேறு.

படித்திறனிலிருந்து ஆர்முடுகல்

முதல் 20 செக்கனை எடுப்போம். நேர்கோட்டின் மேல் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தெரிவுசெய்யுங்கள். நான் (4, 3), (16, 12) ஆகியவற்றை எடுக்கிறேன். வேகத்தில் ஏற்பட்ட மாற்றத்தை, அதற்கு எடுத்த நேரத்தால் பிரிக்க வேண்டும்:

a = (12 − 3) / (16 − 4) = 9 / 12 = 0.75 ms⁻²

ஒவ்வொரு செக்கனும் பஸ்ஸின் வேகத்தோடு 0.75 ms⁻¹ சேர்கிறது என்பதுதான் இதன் பொருள். கோடு நேராக இருப்பதால் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் இதே விடைதான் வரும். புள்ளிகள் தள்ளி இருந்தால், வாசிக்கும்போது ஏற்படும் அரை மில்லிமீற்றர் பிழை விடையை அவ்வளவு பாதிக்காது.

20 முதல் 50 செக்கன் வரை கோடு கிடையானது. மாற்றம் இல்லை, ஆகவே ஆர்முடுகல் பூச்சியம். பஸ் நிற்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. அது 15 ms⁻¹ வேகத்தில், அதாவது மணிக்கு 54 கிலோமீற்றரில், ஓடிக்கொண்டே இருக்கிறது. உண்மையில் நிற்பது 56 முதல் 60 வரை. அங்கேயும் கோடு கிடைதான், ஆனால் அது அச்சின் மேலேயே கிடக்கிறது.

பிறேக் பிடித்த துண்டு, (50, 15) இலிருந்து (56, 0) வரை:

a = (0 − 15) / (56 − 50) = −2.5 ms⁻²

மறைக்குறி வந்தது, பிறகு இருந்ததிலிருந்து முன்பு இருந்ததைக் கழித்ததால். பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்கும் பழக்கத்தில் 15 − 0 என்று எழுதினால் குறி தொலைந்துவிடும். இந்தக் கணத்தில் பஸ் முன்னே போவதால் இதை 2.5 ms⁻² அமர்முடுகல் என்றும் சொல்லலாம். அளவையும் ஒருமுறை பாருங்கள், புறப்பட்டபோது இருந்ததைவிட மூன்று மடங்குக்கு மேல். நின்றுகொண்டு வந்தவர்கள் கம்பியை இறுக்கிப் பிடித்தது அதனால்தான். வரைபில் அது செங்குத்தான சரிவாகத் தெரிகிறது.

இந்த இடத்தில் இரண்டு பிழைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, ஒரே ஒரு புள்ளியை எடுத்து வேகத்தை நேரத்தால் பிரிப்பது. முதல் துண்டில் அது சரியான விடையைத் தந்துவிடும்: 12 / 16 = 0.75. கோடு உற்பத்தியிலிருந்து தொடங்குவதால் தற்செயலாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான். அதே பழக்கத்தில் 53ஆவது செக்கனில் 7.5 / 53 என்று போட்டால் 0.14 வரும். பிறேக் பிடிக்கும் பஸ்ஸுக்கு நேர்க்குறியோடு ஒரு சின்ன ஆர்முடுகல்! அந்த எண்ணுக்கு அங்கே எந்தப் பொருளும் இல்லை. முதல் கணக்கில் மாட்டாமல் தப்பும் பிழை என்பதால்தான் இது வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது, பாகைமானியை வைத்துக் கோணத்தை அளந்து தான்சன் எடுப்பது. நாம் கீறிய தாளில் முதல் துண்டு 4 சென்ரிமீற்றர் அகலம், 7.5 சென்ரிமீற்றர் உயரம். அந்தக் கோணத்தின் தான்சன் 7.5 / 4 = 1.875. இது தாளின் சரிவே தவிர ஆர்முடுகல் அல்ல. பக்கத்தில் இருப்பவர் வேறு அளவுத்திட்டம் எடுத்திருந்தால் அவருக்கு வேறு கோணம் வந்திருக்கும், பஸ் ஒன்றுதான். நீளத்தை அடிமட்டத்தால் அளக்காதீர்கள். அச்சிலுள்ள எண்களை வாசியுங்கள்.

பரப்பு ஏன் இடப்பெயர்ச்சி ஆகிறது

சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களிடம் இதைக் கேட்டால் பெரும்பாலும் அமைதிதான் வரும். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

20 முதல் 50 வரையான துண்டு இலகுவானது. 15 ms⁻¹ இல் 30 செக்கன் போனால் 15 × 30 = 450 மீற்றர். வரைபில் 15 என்பது உயரம், 30 என்பது அகலம். பெருக்கினால் செவ்வகத்தின் பரப்பளவு. அலகையும் சேர்த்துப் பெருக்குங்கள்: ms⁻¹ ஐ s ஆல் பெருக்கினால் m மிஞ்சும். வயலின் பரப்பைப் போலச் சதுர மீற்றர் வராது, ஏனென்றால் இந்தச் செவ்வகத்தின் ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் நேரம்.

வேகம் மாறிக்கொண்டே இருக்கும் முதல் 20 செக்கனுக்கு என்ன செய்வது? அதை 5 செக்கன் கீற்றுகள் நான்காக வெட்டுவோம். எல்லைகளில் வேகம் 0, 3.75, 7.5, 11.25, 15. ஒவ்வொரு கீற்றிலும் பஸ் அதன் தொடக்க வேகத்திலேயே போனதாக எடுத்தால் மொத்தம் 112.5 மீற்றர். உண்மையில் அதைவிடக் கூடத்தான் போயிருக்கும். முடிவு வேகத்திலேயே போனதாக எடுத்தால் 187.5 மீற்றர். உண்மை அதைவிடக் குறைவு. கீற்றை 1 செக்கனாகச் சுருக்கினால் இதே இரண்டு எண்கள் 142.5, 157.5 ஆக நெருங்கும். 0.1 செக்கனாக்கினால் இடைவெளி 1.5 மீற்றர்தான். இரண்டு பக்கமிருந்தும் நெருங்கிவந்து அவை தொடும் எண் 150. கோட்டுக்குக் கீழுள்ள முக்கோணியின் பரப்பளவும் அதுதான்:

½ × 20 × 15 = 150 m

கீற்று மெலிய மெலியப் படிக்கட்டு போன்ற அதன் மேல்விளிம்பு சரிவுக் கோட்டோடு ஒட்டிவிடுகிறது. கோடு வளைந்திருந்தாலும் இதே நியாயம் நிற்கும். 14ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸில் நிக்கோல் ஒரேம் என்பவர் நேரத்தைக் கிடையாகவும் வேகத்தை நிமிர்ந்த கோடுகளாகவும் வரைந்து, சீராகக் கூடும் வேகத்துக்கு முக்கோணியின் பரப்பே கடந்த தூரம் என்று காட்டிவிட்டார். நுண்கணிதம் பிறக்க அப்போது இன்னும் முந்நூறு வருடங்கள் இருந்தன.

பிறேக் பிடித்த துண்டு இன்னொரு முக்கோணி: ½ × 6 × 15 = 45 m. மூன்றையும் கூட்டினால் 150 + 450 + 45 = 645 மீற்றர். முழுவதும் சரிவகம் என்பதால் ஒரே தடவையிலும் செய்து சரிபார்க்கலாம். சமாந்தரப் பக்கங்கள் 56, 30, உயரம் 15:

½ × (56 + 30) × 15 = 645 m

சதுரங்களை எண்ணுபவர்கள் ஒரு சதுரத்தின் பெறுமதியை முதலில் கணித்துக்கொள்ள வேண்டும். நம் தாளில் 1 சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்று 5 × 2 = 10 மீற்றர். 64.5 சதுரங்கள் இருப்பதை எண்ணிவிட்டு "64.5 மீற்றர்" என்று எழுதி ஒரு பிள்ளை புள்ளியை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பொறுமையாக எண்ணிய பிள்ளை அது, பெருக்க மட்டும் மறந்துவிட்டது.

அச்சுக்குக் கீழே

60ஆவது செக்கனிலிருந்து கோடு அச்சுக்குக் கீழே போகிறது. வேகம் மறை, அதாவது பஸ் முறிகண்டிப் பக்கமாகப் போகிறது. கோடு இறங்குவதும் கோடு அச்சுக்குக் கீழே இருப்பதும் வேறு வேறு செய்திகள் என்பதை இங்கே பிரித்துப் பிடியுங்கள். 50 முதல் 56 வரை கோடு இறங்கியது, ஆனால் பஸ் முன்னேதான் போய்க்கொண்டிருந்தது. 72 முதல் 76 வரை கோடு ஏறுகிறது, ஆனால் பஸ் பின்னே போய்க்கொண்டிருக்கிறது. பஸ் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கோடு அச்சுக்கு மேலா கீழா என்பது சொல்லும். ஆர்முடுகலின் குறியைக் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது சொல்லும்.

கணக்கைப் போடுவோம். 60 முதல் 64 வரை a = (−2 − 0) / 4 = −0.5 ms⁻². ஆர்முடுகல் மறை, ஆனால் பஸ்ஸின் கதி கூடுகிறது. 72 முதல் 76 வரை a = (0 − (−2)) / 4 = +0.5 ms⁻². ஆர்முடுகல் நேர், ஆனால் பஸ் மெதுவாகி நிற்கிறது. "மறை ஆர்முடுகல் என்றால் வேகம் குறைதல்" என்று கொப்பியில் எழுதி வைத்திருப்பவர்கள் அந்த வரியை வெட்டிவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: வேகத்துக்கும் ஆர்முடுகலுக்கும் ஒரே குறி என்றால் கதி கூடும், எதிர்க்குறி என்றால் கதி குறையும்.

கீழே உள்ள உருவமும் ஒரு சரிவகம்தான், தலைகீழாக. சமாந்தரப் பக்கங்கள் 16, 8, உயரம் 2. பரப்பளவு ½ × (16 + 8) × 2 = 24. அச்சுக்குக் கீழே இருப்பதால் இடப்பெயர்ச்சி −24 மீற்றர். ஆகவே:

இடப்பெயர்ச்சி = 645 − 24 = 621 m
தூரம் = 645 + 24 = 669 m

அம்மா நின்ற இடம் முறிகண்டித் தரிப்பிலிருந்து 621 மீற்றரில். பஸ் அவரை 24 மீற்றர் தாண்டிப் போயிருக்கிறது. தூரம் கேட்டால் குறியைப் பாராமல் கூட்டுங்கள், இடப்பெயர்ச்சி கேட்டால் குறியோடு கூட்டுங்கள். வினாவில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்க்காமல் போவதால்தான் பாதிப் புள்ளிகள் போகின்றன. சராசரியும் அதேபோல இரண்டு: சராசரி வேகம் 621 / 76, ஏறத்தாழ 8.2 ms⁻¹, சராசரிக் கதி 669 / 76, ஏறத்தாழ 8.8 ms⁻¹.

இடப்பெயர்ச்சி என்ற சொல்லை வகுப்பில் முதன்முதலாகச் சொல்லும்போது நான் கொஞ்சம் நிதானிப்பேன். இங்கே பல வீடுகளில் இடப்பெயர்வு என்ற சொல் வேறொன்றைக் குறிக்கும். 2008இலும் 2009இலும் வன்னியின் மேற்கிலிருந்து கிழக்கே ஊர் ஊராக நகர்ந்து, பிறகு முகாமில் இருந்து, கடைசியில் தங்கள் காணிக்கே திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் என் முன்னே இருக்கிறார்கள். பௌதிகத்தின் சொல் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே பார்க்கும். அதே காணிக்குத் திரும்பியவருக்கு அந்தக் கணக்கில் வருவது பூச்சியம். நடந்த தூரம் பூச்சியமல்ல. இந்த வேறுபாட்டை எங்கள் பிள்ளைகளுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவைப்பட்டதில்லை.

இன்னுமொன்று. பரப்பு தருவது இடத்தின் மாற்றத்தை மட்டும்தான். இந்த வரைபை மட்டும் பார்த்தவருக்கு பஸ் முறிகண்டியில் புறப்பட்டதா, புளியங்குளத்தில் புறப்பட்டதா என்று தெரியாது. பஸ் எங்கே நிற்கிறது என்று கேட்டால், தொடக்க இடத்தை வினாவே தர வேண்டும்.

ஒரே தாளில் இரண்டு வாகனங்கள்

உயர்தர இணைந்த கணிதத்தில் இது வழக்கமான வினா. பஸ் புறப்படும் அதே கணத்தில், ஒரு மோட்டார் சைக்கிள் 10 ms⁻¹ மாறா வேகத்தில் அதே திசையில் பஸ்ஸைக் கடந்து போகிறது என்று வைப்போம். அதன் வரைபு 10இல் ஒரு கிடைக்கோடு. அது பஸ்ஸின் சரிவுக் கோட்டை 10 / 0.75 = 13⅓ செக்கனில் வெட்டுகிறது.

வெட்டும் புள்ளியில் பஸ் மோட்டார் சைக்கிளைப் பிடித்துவிட்டது என்று எழுதாத வகுப்பை நான் இன்னும் காணவில்லை. அங்கே சமமாக இருப்பவை வேகங்கள் மட்டுமே. அதுவரை மோட்டார் சைக்கிள்தான் கூடிய வேகத்தில் போனது, ஆகவே இடைவெளி வளர்ந்துகொண்டே வந்தது. அந்தக் கணத்தில்தான் அது மிகப் பெரியது. அதன் அளவு இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட முக்கோணியின் பரப்பு: ½ × 13⅓ × 10, அதாவது 66⅔ மீற்றர்.

பிடிப்பது பரப்புகள் சமமாகும்போது. 20ஆவது செக்கனில் பஸ் 150 மீற்றரில், மோட்டார் சைக்கிள் 200 மீற்றரில். இடைவெளி 50. அதற்குப் பிறகு பஸ் 15இல், மோட்டார் சைக்கிள் 10இல் போவதால் ஒவ்வொரு செக்கனும் 5 மீற்றர் குறையும். 10 செக்கனில் இடைவெளி தீர்ந்துவிடும். ஆக 30ஆவது செக்கனில், இரண்டும் 300 மீற்றரில் சந்திக்கின்றன. வரைபில் பாருங்கள், 30இல் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை.

உண்மையான பஸ் நேர்கோட்டில் வேகம் கூட்டாது

இதுவரை எல்லாத் துண்டும் நேர்கோடு. உண்மையில் கியர் மாறும், மேல் கியருக்குப் போகப் போக ஆர்முடுகல் குறையும், வரைபு வளையும். ஒரு மாணவி பஸ்ஸின் முன் ஆசனத்தில் இருந்து, போனில் வேகம் காட்டும் அப்பைப் பார்த்து 5 செக்கனுக்கு ஒருமுறை குறித்துக்கொண்டு வந்தார். மணிக்குக் கிலோமீற்றரில் 0, 18, 32, 43, 50, 54. ஒவ்வொன்றையும் 3.6ஆல் பிரித்தால் ms⁻¹ இல் 0, 5, 8.9, 11.9, 13.9, 15. இந்த மாற்றத்தைச் செய்யாமல் பரப்பெடுத்தால் விடை 3.6 மடங்கு பெருத்துவிடும்.

10ஆவது செக்கனில் ஆர்முடுகல் என்ன? புள்ளிகளுக்கு ஊடாக ஒரு ஒழுங்கான வளைகோடு கீறி, 10இல் அதைத் தொட்டும் தொடாமலும் போகுமாறு அடிமட்டத்தை வைத்துத் தொடலி போடுங்கள். தொடலியைத் தாளின் இரு பக்கமும் நீளமாக இழுத்துவிடுங்கள். அது நிலைக்குத்து அச்சை 2இல் வெட்டியது, 20ஆவது செக்கனில் 15.8ஐத் தொட்டது:

a = (15.8 − 2) / 20 = 0.69 ms⁻²

தொடலியின் மேலுள்ள புள்ளிகளைத்தான் எடுக்க வேண்டும், வளைகோட்டின் மேலுள்ளவற்றை அல்ல. உற்பத்தியிலிருந்து 8.9க்கு நாண் போட்டு 8.9 / 10 = 0.89 என்று எடுத்தால், அது முதல் 10 செக்கனின் சராசரி ஆர்முடுகல். கேட்டது அதுவல்ல.

பரப்புக்குக் கீற்றுகளை ஒவ்வொன்றும் சிறு சரிவகமாக எடுங்கள். இரு முனை வேகங்களின் பாதியையும் நடுவிலுள்ள வேகங்களை முழுதாகவும் கூட்டி, கீற்றின் அகலத்தால் பெருக்கினால் போதும்:

5 × (0 + 5 + 8.9 + 11.9 + 13.9 + 7.5) = 236 m

வளைகோடு மேல்நோக்கிப் புடைத்திருப்பதால் ஒவ்வொரு சரிவகத்துக்கு மேலும் ஒரு மெல்லிய துண்டு விடுபடும், ஆகவே உண்மை 236ஐவிடக் கொஞ்சம் கூட. கோட்டை நேராக நினைத்து ½ × 25 × 15 என்று போட்டிருந்தால் 187.5 வந்திருக்கும், கிட்டத்தட்ட 50 மீற்றர் குறைவு.

போனில் அளக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப் காட்டுவது கதி. அதற்கு மறைக்குறி தெரியாது. பஸ் பின்னுக்குப் போனபோதும் அது மணிக்கு 7 கிலோமீற்றர் என்று நேராகத்தான் காட்டும். அந்த எண்களை அப்படியே குறித்தால் அச்சுக்குக் கீழே இருக்க வேண்டிய சரிவகம் மேலே எழும்பி நிற்கும். பரப்பைக் கூட்டினால் 621 வராது, 669 வரும். ஆகவே பஸ் பின்னுக்கு எடுக்கும் நேரத்தைக் கையால் குறித்து வைத்து, வரைபு கீறும்போது அந்தத் துண்டை மட்டும் கீழே திருப்பிப் போடுங்கள்.